கூரையில்லாத அறையில் ஒரு பீரோ

மாடி கட்டுவதற்குப் புத்தூர் வங்கியில் கடன் கேட்டபோது, வீட்டுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருக்கிறது என்று தலையை ஆட்டினேன். கீழ்வீட்டுக்குப் பல வருடமாகக் கட்டி வருகிறேன். அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையோடு கொண்டுபோய் மேசையில் வைத்தேன். அங்கிருந்த பெண் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது இல்லை, கட்டுமானத்துக்கு வேறு வேண்டும் என்று தெலுங்கில் சொன்னார். வேறு என்றால் என்ன என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். சரி என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

நகரியில் எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. எங்கள் வீட்டுப் பின்கட்டிலும் இரண்டு இருக்கின்றன. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை, அதுவும் தமிழ்ப் பள்ளியில். தெலுங்கு பேச வரும், போர்டு படிக்க வரும். ஆங்கிலக் காகிதம் என்றால் என் மனைவியைப் பார்ப்பேன். அவள் அதைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு ஏஜெண்டைக் கூப்பிடச் சொல்வாள்.

ஏஜெண்ட் எங்கள் ஊர்ப் பையன்தான். இப்போது முடி நரைத்துவிட்டது, ஆனாலும் பையன் என்றே வாயில் வருகிறது. பஸ் நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையும் இன்சூரன்சும் சேர்த்து நடத்துகிறான். நானும் மனைவியும் போய் உட்கார்ந்தோம்.

"அண்ணா, உன்கிட்ட இருக்கறது கட்டி முடிச்சி ஜனம் குடியிருக்கற வீட்டுக்கு" என்றான். "நெருப்பு, இடி, புயல், வெள்ளம் எல்லாம் அதுல வரும். உள்ள இருக்கற டிவி, பிரிட்ஜ் கூட வரும். நீ கட்டப்போற மாடி அதுல வராது."

"மாடி என்ன பக்கத்து வீட்டுக்காரனுதா? எங்க வீட்டு மேலதானே கட்டறோம்" என்றாள் மனைவி.

"உங்க வீட்டு மேலதான் அண்ணி. ஆனா அது இன்னும் வீடு ஆவல. இன்னிக்கி கம்பி நிக்கும், நாளைக்கி சுவரு நிக்கும், அடுத்த வாரம் தளம். ஒவ்வொரு நாளும் ஒரு மாதிரி. அதுக்குன்னு வேலை நடக்கற காலத்துக்கு மட்டும் தனி பாலிசி. சிமெண்டு, கம்பி, செங்கல்லு நம்ம இடத்துல எறக்கனதுலருந்து அதுல சேரும். கட்டின சுவரு, தளம் சேரும். மேஸ்திரி பேரும் உன் பேரோட சேர்ந்து இருக்கும். செங்கல்லு தெருவுல போறவன் மேல வுழுந்து நம்ம மேல கேசு வந்தா, அதுக்கும் ஒரு பகுதி உண்டு."

"கீழ்வீடு?" என்று நான் கேட்டேன். மேலே வேலை நடக்கும்போது கீழே விரிசல் விட்டால் என்ன செய்வது என்பது என் பயம்.

"நல்ல கேள்வி கேட்ட. அது தானா வராது. நம்ம பழைய கட்டடத்தையும் சேத்துக்குங்கன்னு தனியா எழுதி வாங்கணும். எழுதிடறேன். அதோட, மேல வேலை ஆரம்பிக்கறோம்னு கீழ்வீட்டு பாலிசிக்காரங்களுக்கும் ஒரு லெட்டர் குடுத்துடணும். சொல்லாம வுட்டா நாளைக்கி அதையே பிடிச்சிக்குவாங்க."

பிறகு அவன் மேஸ்திரி கூலி மட்டும் போட்டால் போதாது, நாங்கள் வாங்கும் பொருளையும் சேர்த்து மாடி முழுவதற்கும் ஆகும் செலவைக் காட்ட வேண்டும் என்றான். குறைத்துக் காட்டினால், நஷ்டம் வரும்போது அவர்களும் அந்த விகிதத்தில் குறைப்பார்களாம். மேஸ்திரி வேலையைத் தப்பாகச் செய்து அதனால் இடிந்தால், அந்தத் தப்பான வேலையைத் திரும்பச் செய்யும் செலவு கிடைக்காதாம். எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று கலந்துபோனது. பாவும் ஊடும் சிக்கிக்கொண்டால் எங்கே அறுப்பது என்று தெரியாமல் நிற்போமே, அப்படி இருந்தது. கடைசியில் அவன் சொன்ன ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

"வேலை முடிஞ்சாலோ, நீங்க குடிபோனாலோ, எது முன்னாடி வருதோ அன்னியோட இது தீர்ந்துடும். அப்புறம் மாடியையும் சாதா பாலிசில சேர்த்துடலாம்."

அது நியாயமாகத்தான் பட்டது. குடிபோவது என்றால் என்ன என்று அப்போது எனக்குச் சந்தேகம் வரவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன்.

அந்தப் பாலிசியை எடுத்துக் கொடுத்ததும் வங்கிக் கடன் தவணை தவணையாக வரத் தொடங்கியது. ஐப்பசியில் முன்கூடத்துக்கும் சாமி அறைக்கும் தளம் போட்டு முடித்தார்கள். பின்னால் தென்மேற்கு மூலை அறைக்குச் சுவர் மட்டும் எழும்பி நின்றது. தளம் போடப் பலகையும் முட்டும் வேறொரு வேலைக்குப் போய்விட்டன என்று மேஸ்திரி சொன்னார். அவர் தெலுங்கர், ஆனால் எங்களோடு தமிழ்தான் பேசுவார். "பத்தே ரோஜு அண்ணா, வந்துடும்" என்பார். பத்து நாள் கழித்தும் அதையே சொல்வார்.

அப்போதுதான் மூடம் வருகிறது என்று மனைவிக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். சுக்கிரன் கண்ணில் படாமல் மறைந்திருக்கும் அந்த மாதங்களில் கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவும் செய்யமாட்டார்கள். இந்த முறை மூடம் கார்த்திகையில் தொடங்கி மாசி வரை போகிறது என்று ஐயர் சொன்னார். அதற்கு முன் ஒரே ஒரு முகூர்த்தம்தான் இருக்கிறதாம்.

"பூச்சு ஆவல, கதவு மாட்டல, பின்னால கூரையே இல்ல. எப்பிடி?" என்றேன்.

"பாலு காய்ச்சறதுக்கு கூரை எதுக்கு? அடுப்பு வெக்கற எடத்துல தளம் இருக்குதில்ல" என்றாள். "நாள் வுட்டுட்டா மாசி வரைக்கும் மேல கால் வெக்கக்கூடாது. அதுவரைக்கும் கட்டின வீட்ட அண்ணாந்து பாத்துக்கினு இருப்பீங்களா?"

இப்படிப் பால் காய்ச்சிவிட்டு வேலையைத் தொடர்கிறவர்கள் எங்கள் தெருவில் பாதிப்பேர். அதில் யாருக்கும் தவறு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அதிகாலையில் மாட்டைக் கூட்டிவந்து வலம் செய்து, பால் பொங்கவிட்டு, வந்தவர்களுக்குக் கீழ்வீட்டிலேயே சாப்பாடு போட்டோம். முறைப்படி அன்று இரவு நானும் மனைவியும் முன்கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். ஜன்னலுக்குக் கோணி கட்டியிருந்தோம். விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே வந்துவிட்டோம்.

சித்தூரிலிருந்து வந்த மனைவியின் தம்பி தாய்வீட்டுச் சீராக ஒரு பீரோ கொண்டுவந்திருந்தான். புதிது, கண்ணாடி பதித்தது. அதைக் கீழே இறக்கி வைக்கலாம் என்றேன்.

"மாமா, பீரோன்னா நைருதி மூலையிலதான் வெக்கணும். புது வீட்டுக்கு வந்த பீரோவ பழைய வீட்டுல வெச்சா அதுக்கு இன்னா அர்த்தம்?"

"அந்த ரூமுக்குக் கூரை இல்லப்பா."

"தார்ப்பாய் போட்டு கட்டிடலாம். கூரை வந்தா தார்ப்பாய எடுக்கப்போறோம். மூலை மாறுமா?"

நான்கு பேர் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். மேற்குச் சுவர் ஓரமாக, தென்மேற்கு மூலையில், வானத்தைப் பார்த்தபடி பீரோ நின்றது. தார்ப்பாயைப் போட்டுக் கயிற்றால் கட்டினான். அறையில் மீதி இடத்தில் மேஸ்திரியின் சிமெண்டு மூட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் பீரோவையும் மூட்டைகளையும் பார்த்து, "ரெண்டு பேருக்கும் ஒரே ரூமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கடலில் புயல் சின்னம் என்றார்கள். காலையிலிருந்தே மழை. மதியம் காற்று ஒரு பக்கமாகவே தள்ளியது. தறியை நிறுத்திவிட்டுக் கீழே உட்கார்ந்திருந்தோம். மேலே பெரிய சத்தம் கேட்டது. நான் ஏறிப்போனபோது மேற்குச் சுவர் உள்பக்கமாகப் படுத்துக்கிடந்தது. தார்ப்பாய் எங்கே போனது என்று தெரியவில்லை. சிமெண்டு மூட்டைகள் மழையில் ஊறிக்கொண்டிருந்தன. செங்கல் குவியலுக்குள் பீரோவின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது.

கடனில் வரவேண்டிய அடுத்த தவணை பின் அறைக்குத் தளம் போட்ட பிறகுதான் வரும். சுவரே இல்லாமல் தளம் எங்கே போடுவது? திரும்பச் சுவர் எழுப்ப எங்களிடம் எதுவும் மிச்சமில்லை. இன்சூரன்ஸ் வராவிட்டால் மாடி அப்படியே நிற்க வேண்டியதுதான். தெருவில் அப்படி நிற்கும் மாடிகள் இரண்டு இருக்கின்றன. கம்பி துருப்பிடித்து வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும்.

ஏஜெண்ட் உடனே கம்பெனிக்குச் சொன்னான். போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னான். நஷ்டத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் வரும்வரை எதையும் அள்ளாதே, மீதி சிமெண்டு நனையாமல் மட்டும் மூடிவை என்றான். பிறகு நேரில் வந்து மேலே ஏறிப் பார்த்தவன், பீரோ மூலையைக் கண்டதும் தலையில் கைவைத்தான்.

"இது இன்னாண்ணா?"

நான் சொன்னேன். பால் காய்ச்சியதையும் சொன்னேன். அவனும் அழைப்புப் பத்திரிகை வாங்கியவன்தான், திருப்பதியில் ஏதோ வேலை என்று வரவில்லை.

"குடிபோனா பாலிசி தீர்ந்துடும்னு சொன்னேன்ல?"

"நாங்க குடிபோவலயே. பாலுதான் காய்ச்சினோம்."

"பாலு காய்ச்சி, படுத்து எழுந்து, பீரோவும் வெச்சிட்டு, குடிபோவலன்னா எப்பிடிண்ணா?"

மனைவி குறுக்கே வந்தாள். "சரி, குடிபோனோம்னே வெச்சிக்க. அப்ப அந்த சாதா பாலிசில பீரோவுக்குக் குடுக்கச் சொல்லு. உள்ள இருக்கற சாமானும் வரும்னு நீதானே சொன்ன."

"அது கீழ்வீட்டுக்கு அண்ணி. கீழ இருந்திருந்தா வந்திருக்கும்."

"கீழ இருந்திருந்தா அது மேல சுவரு ஏன்டா வுழப்போவுது?"

எனக்குத் தலை சுற்றியது. பீரோவுக்குக் கேட்டால் நாங்கள் இங்கே குடியிருக்கிறோம் என்று ஆகிறது. அப்படி ஆனால் சுவர் போய்விடும். சுவருக்குக் கேட்டால் நாங்கள் குடிவரவில்லை. அப்படியானால் பீரோ அங்கே ஏன் இருந்தது? இரண்டு பாலிசி வைத்திருந்தும் இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டோம் போலிருந்தது.

"ஒண்ணு பண்ணுங்க" என்றான் ஏஜெண்ட், குரலைத் தாழ்த்தி. "சர்வேயர் வரதுக்குள்ள பீரோவ எடுத்து கீழ போட்டுடுங்க. பால் காய்ச்சின பேச்சே வேணாம்."

அள்ளாதே என்றவனே அள்ளு என்கிறான். அதோடு, தெருவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போன விஷயத்தை எப்படி மறைப்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. பீரோவை எடுக்கலாமா என்று மனைவியைக் கேட்டேன். "எந்தம்பி வெச்சத எடுத்து ஒளிச்சி வெக்கணுமா?" என்றாள். எடுக்கவில்லை.

சர்வேயர் திருப்பதியிலிருந்து வந்தார். பெண்மணி, என் வயது இருக்கும். வேலூரில் இஞ்சினியரிங் படித்ததாகச் சொன்னார், தமிழ் நன்றாக வந்தது. சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு படியேறினார். முதலில் சுவரைப் பார்த்தார். விழாமல் நின்ற பக்கத்தில் கலவையை ஆணியால் சுரண்டினார். மேஸ்திரியிடம் சுவருக்குத் தண்ணீர் எத்தனை நாள் விட்டீர்கள், சுவர் உயரம் எவ்வளவு, முட்டு கொடுத்தீர்களா என்று தெலுங்கில் விடாமல் கேட்டார். மேஸ்திரி வியர்த்துப்போய் ஒவ்வொன்றாகச் சொன்னார். சுரண்டியும் கலவை உதிரவில்லை, கெட்டியாக நின்றது என்பதை மட்டும் நான் கவனித்தேன்.

பிறகு அவர் குவியலைக் காட்டி, "இது ஏமிட்டி?" என்றார்.

ஏஜெண்ட் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"பீரோ மேடம்" என்றாள் மனைவி. "எந்தம்பி சீரு. மூடம் வருதுன்னு பாலு காய்ச்சினோம். ஒரு நாள் படுத்தோம். அவ்ளோதான்."

ஏஜெண்ட் கண்ணை மூடிக்கொண்டான். அந்த அம்மா ஆச்சரியப்படவில்லை. "மூடத்துக்கு முன்னாலயா? இந்த மாசம் நான் பாத்த எடத்துல எல்லாம் இதே கதைதான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. அதுக்கு அப்புறம் மேல யாரு இருந்தாங்க?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"யாரும் இல்லீங்க."

"சமையல்?"

"கீழதான்."

"கரண்டு, தண்ணி?"

"கீழேர்ந்து ஒயர் இழுத்து ஒரு பல்பு. தண்ணி இன்னும் வரல. பாத்ரூமுக்குக் கதவு இல்ல."

"எங்க படுத்தீங்க?"

முன்கூடத்தைக் காட்டினேன். அவர் அங்கே போய்த் தளத்தை அண்ணாந்து பார்த்தார், ஜன்னல் கோணியைத் தொட்டுப் பார்த்தார். திரும்பிவந்து பின் அறையில் நின்று மேலே பார்த்தார். மேகம் போய்க்கொண்டிருந்தது.

"ஒரு பகுதிய உபயோகத்துக்கு எடுத்துக்கினா அந்தப் பகுதிக்கு மட்டும்தான் பாலிசி நின்னுபோவும். மீதி வேலைக்குத் தொடரும்" என்றார். "முன்கூடத்தை நீங்க எடுத்துக்கினீங்களா இல்லையான்னு கம்பெனி கேக்கலாம். அதுக்கு நான் பாத்தத எழுதறேன். ஆனா வுழுந்த சுவரு இங்க இருக்கு. மேல கூரையே இல்லாத ரூம எவன் எடுத்துப்பான்?"

"பீரோ இருந்துதே மேடம்" என்றேன். ஏன் அதைச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஏஜெண்ட் என் முழங்கையைக் கிள்ளினான்.

அவர் சிரித்துவிட்டார். "சிமெண்டு மூட்டையும் இருந்துது. ரெண்டும் இங்க கெடந்துது, அவ்ளோதான். ஆனா ஒண்ணு. சிமெண்டு வேலைக்கு வந்த பொருள், பாலிசில சேரும். பீரோ சேராது. கட்டட பாலிசி வீட்டு சாமானுக்கு இல்ல."

மனைவி வாயைத் திறந்தாள். அவரே தொடர்ந்தார். "கீழ்வீட்டு பாலிசிலயும் கேக்காதீங்கம்மா. மாடி அதுல இல்ல."

"அப்ப அந்த பீரோ எந்த வீட்டுலதான் இருந்துது?" என்றாள் மனைவி.

வேலை இன்னும் முடியவில்லை, வீட்டை ஒப்படைக்கவில்லை, இன்னின்ன வேலை பாக்கி என்று மேஸ்திரியிடம் எழுதி வாங்கி அனுப்பச் சொன்னார் சர்வேயர். பால் காய்ச்சிய பத்திரிகையையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். "மறைச்சா சந்தேகம் வரும்" என்றார், ஏஜெண்டைப் பார்த்து. முடிவு சொல்வது கம்பெனிதான், தான் இல்லை என்றும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப்போனார்.

அடுத்து வந்த வாரங்கள் குழப்பத்திலேயே கழிந்தன. திருப்பதி ஆபீசுக்கு ஒருமுறை போனேன். அங்கே ஒருவர், கிரகப்பிரவேசம் ஆகிவிட்டதே, பிறகு எப்படி வேலை நடக்கிற வீடு என்றார். பக்கத்து நாற்காலிக்காரர், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்தோம், அதன்பிறகு நான்கு மாதம் வேலை நடந்தது என்றார். இருவரும் எனக்கு முன்னாலேயே வாதாடினார்கள். நான் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவர் சொல்வதும் சரி என்றே தோன்றியது. மனைவி மட்டும் வெள்ளிக்கிழமை சாமி அறையில் விளக்கேற்ற மாடிக்குப் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். விளக்கேற்றினால் குடியிருப்பது ஆகுமா என்று ஏஜெண்டைக் கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. கீழேயே ஏற்றச் சொன்னேன்.

தை பிறந்த பிறகு கம்பெனி ஒத்துக்கொண்டது. சுவருக்கும் சிமெண்டுக்கும் கொடுத்தார்கள். புயல் நஷ்டம் என்பதால் நாங்களே ஏற்றுக்கொள்ள வேண்டிய பங்கு என்று ஒரு பெரிய பகுதியைக் கழித்தார்கள். அது பாலிசியிலேயே எழுதியிருந்ததாம். பீரோவுக்கு எதுவும் இல்லை. வந்ததில் சுவர் எழும்பியது, மேஸ்திரி ஒருவழியாகப் பலகையைக் கொண்டுவந்தார், தளம் விழுந்தது, வங்கியிலிருந்து அடுத்த தவணையும் வந்தது. நெளிந்துபோன பீரோவை மனைவியின் தம்பி சித்தூருக்கு எடுத்துப்போய்ப் பட்டறையில் தட்டி நிமிர்த்திக் கொண்டுவந்தான். ஒரு கதவு இன்னும் சரியாக மூடாது.

மூடம் முடிந்து, பூச்சு காய்ந்து, தண்ணீர் ஏறி, கதவுகள் மாட்டிய பிறகு மெல்ல மெல்ல மேலே போனோம். முதலில் துணிமணி. பிறகு தூக்கம். மனைவி அடுப்பை மேலே கொண்டுபோனது கடைசியில்தான். இனிச் சாதா பாலிசியில் மாடியையும் சேர்க்க வேண்டும் என்று ஏஜெண்டின் கடைக்குப் போனோம். அவன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே கேட்டான்.

"எந்தத் தேதிலருந்து மேல குடியிருக்கறீங்கண்ணா? அன்னியோட கட்டட பாலிசி முடிஞ்சி, அன்னிலருந்து சாதா பாலிசி ஆரம்பிக்கணும். நடுவுல ஒருநாள் கூட வுடக்கூடாது."

நான் யோசித்தேன். பால் காய்ச்சிய நாள் இல்லை, அன்று நாங்கள் குடிவரவில்லை என்று கம்பெனியே ஒத்துக்கொண்டுவிட்டது. துணி வைத்த நாளா, படுத்த நாளா, அடுப்பு போன நாளா? எந்த நாள் காலையில் நாங்கள் கீழ்வீட்டுக்காரர்களாக எழுந்து மேல்வீட்டுக்காரர்களாகப் படுத்தோம் என்று எனக்கு உண்மையில் தெரியவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவளும் முதல்முறையாகப் பதில் சொல்லாமல் என்னைப் பார்த்தாள்.

"அந்த கட்டட பாலிசி இன்னும் ஓடிக்கினுதானே இருக்குது?" என்று கேட்டேன்.

"இருக்குது. மாசக் கடைசி வரைக்கும்."

"அப்ப இன்னிலருந்துன்னு போடுப்பா" என்றேன். "இன்னிக்கி மேலதான் சாப்புடுவோம்."